விலைக்கு வாங்கிய கணக்கோடு எங்கள் கடைக் கணக்கும் முடங்கிவிட்டது, என்ன செய்யலாம்?

தறிப்பேட்டை

வணக்கம். ஈரோட்டில் நானும் என் நாத்தனாரும் சேர்ந்து கைத்தறிச் சேலை விற்கிறோம். தனியாகக் கடை கிடையாது, வீட்டு மாடிதான். முக்கால்வாசி ஆர்டர், படம் போடும் ஒரு தளத்தில் உள்ள எங்கள் கணக்கு வழியாகத்தான் வருகிறது. இங்கே சொந்தப் புகாரில் நிறுவனப் பெயர் எழுதக் கூடாது என்று விதி இருப்பதால் எந்தத் தளம் என்று போடவில்லை.

எங்கள் கணக்குப் பெயரில் கடைப் பெயருக்குப் பின்னால் அடிக்கோடு, ஊர்ப் பெயர், ஒரு எண் எல்லாம் வரும். போனில் கேட்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. கடைப் பெயர் மட்டும் தனியாக உள்ள கணக்கு ஒரு கல்லூரி மாணவரிடம் இருந்தது. 2015இல் தொடங்கியது. பெயர்களை வாங்கி விற்கும் ஒரு டெலிகிராம் குழுவில் அவரே அதை விலைக்குப் போட்டிருந்தார். நடுவில் ஒருவர் பணத்தைப் பிடித்து வைத்திருந்து, இரண்டு பக்கமும் சரி என்றதும் விடுவார். அவர் கமிஷனையும் சேர்த்து ₹22,000 ஆனது.

ஞாயிறு இரவு அந்தத் தம்பி கணக்கின் கடவுச்சொல்லையும், கணக்கு தொடங்கிய ஜிமெயிலையும் அதன் கடவுச்சொல்லையும் கொடுத்தார். என் போனில் உள்ளே போய் மின்னஞ்சல், போன் எண், கடவுச்சொல் எல்லாவற்றையும் மாற்றினேன். இரண்டடுக்குச் சரிபார்ப்பை என் எண்ணுக்கு வைத்தேன். அவருடைய பழைய படங்களை மறைத்துவிட்டுத் திங்கள்கிழமை சேலைப் படங்கள் போட ஆரம்பித்தோம். இரண்டையும் ஒரே இடத்திலிருந்து பார்க்கலாமே என்று கடைக் கணக்கோடு இணைத்தும் வைத்தேன். புதன் காலையில் வாங்கிய கணக்கு இடைநிறுத்தம். மதியம் எங்கள் பழைய கடைக் கணக்கும் போய்விட்டது. உங்களோடு தொடர்புள்ள இன்னொரு கணக்கு விதிகளைப் பின்பற்றவில்லை என்று காரணம் போட்டிருக்கிறார்கள்.

எதையும் திருடவில்லை, காசு கொடுத்து வாங்கினேன். விற்றவருக்கும் சம்மதம், எனக்கும் சம்மதம். இதில் தளத்துக்கு என்ன நஷ்டம்? கடைக் கணக்கையாவது மீட்க வழி இருக்கிறதா?

மாறன்_மதுரை

அக்கா, இது ஐபி முகவரிப் பிரச்சினை. அந்தப் பையன் வேறு ஊர், நீங்கள் வேறு ஊர். வேறு போன், வேறு நெட். சிஸ்டம் சந்தேகப்பட்டுப் பூட்டிவிட்டது. மேல்முறையீட்டில் 'என் கணக்கை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள்' என்று எழுதுங்கள், திறந்துவிடுவார்கள். அடுத்த தடவை விற்பவரின் ஊர் வருகிற மாதிரி விபிஎன் போட்டு உள்ளே போங்கள். ஒரு வாரம் எதையும் மாற்றாமல் வைத்திருந்து ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். குழுவில் இருப்பவர்கள் எல்லாம் அப்படித்தான் செய்கிறார்கள்.

பழையகாவல்

மாறன் சொல்வதில் முதல் பாதி சரி. இரண்டாம் பாதியைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

கணக்குப் பாதுகாப்புப் புகார்களைப் பார்க்கும் ஒப்பந்தக் குழு ஒன்றில் சில வருடம் வேலை பார்த்தவன் நான். எந்தத் தளம் என்று சொல்லப் போவதில்லை. எந்தத் தளமும் தன் கண்டுபிடிப்பு முறையை முழுதாக வெளியே சொல்வதும் இல்லை. ஆனால் ஞாயிறு இரவு நடந்ததை, விற்றவரையோ உங்களையோ தெரியாத ஒருவர் வெறும் பதிவுகளாகப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடப் பழைய கணக்கு. ஒரு இரவில் புதுப் போனிலிருந்து உள்நுழைவு. அடுத்த சில நிமிடங்களில் மின்னஞ்சல், எண், கடவுச்சொல், இரண்டடுக்குச் சரிபார்ப்பு எல்லாம் மாறுகின்றன. பழைய படங்கள் மறைகின்றன. மறுநாள் அதுவரை இல்லாத வியாபாரப் படங்கள் வருகின்றன. திருடப்பட்ட கணக்கும் இதே மாதிரிதான் இருக்கும், ஒரு வரி கூட வித்தியாசம் இருக்காது. சம்மதம் என்ற ஒன்று பதிவில் எங்கேயும் விழாது. அது டெலிகிராம் அரட்டையில் இருக்கிறது.

இன்னொன்று. அந்தக் கணக்கைப் பின்தொடர்ந்தவர்கள் யார் என்று பார்த்தீர்களா?

தறிப்பேட்டை

அறுநூறு பேர் மாதிரி இருந்தார்கள். எல்லாம் அவருடைய பள்ளி, கல்லூரி நண்பர்கள். திங்களன்று ஒரு பெண்ணிடமிருந்து செய்தி வந்தது. 'டேய், இது என்னடா சேலை விக்கிற, அக்கவுண்ட் போச்சா?' என்று. இன்னொரு பையன் ஊருக்கு எப்போது வருகிறாய் என்று கேட்டிருந்தான். பதில் எதுவும் போடவில்லை.

பழையகாவல்

அப்படியானால் அவர்களில் யாரோ ஒருவர் கணக்கு ஹேக் ஆகிவிட்டது என்று புகார் கொடுத்திருக்க வாய்ப்பு அதிகம். நல்ல எண்ணத்தில்தான் கொடுத்திருப்பார்கள். நண்பனின் கணக்கில் திடீரென்று வேறு யாரோ சேலை விற்றால் நாமும் அதையே செய்வோம்.

தளத்துக்கு என்ன நஷ்டம் என்று கேட்டீர்கள். முதலில் நஷ்டம் அந்தப் பெண்ணுக்கு. அவள் நண்பனுக்கு எழுதியதாக நினைத்து உங்களுக்கு எழுதியிருக்கிறாள். திங்களன்று வந்தது மட்டும் இல்லை, அந்தத் தம்பி எல்லாவற்றையும் அழிக்காமல் கொடுத்திருந்தால் 2015இலிருந்து அவரோடு பேசியவர்கள் எழுதியதெல்லாம் உள்பெட்டியில் இருக்கும். அவர்களில் ஒருவரும் உங்களிடம் ஒரு ரூபாய் வாங்கவில்லை, சம்மதமும் சொல்லவில்லை. நீங்கள் படிக்கவில்லை என்று நம்புகிறேன். அந்தக் குழுவில் வாங்கும் எல்லோரும் படிக்காமல் இருப்பார்களா? பழைய கணக்கை வாங்கி, நண்பர்களிடம் 'அவசரமாக ₹5,000 ஜிபே பண்ணு' என்று கேட்கும் கூட்டமும் அதே குழுவில்தான் இருக்கிறது.

மேல்முறையீட்டில் ஹேக் ஆனது என்று எழுதினால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். ஹேக் ஆன கணக்கை முதல் உரிமையாளரிடம் திருப்பித் தருவதுதான் நடைமுறை. இந்தக் கணக்கின் முதல் உரிமையாளர் அந்தத் தம்பி. நீங்கள் சொல்லும் பொய் வேலை செய்தால் கணக்கு அவரிடம் போகும். செய்யாவிட்டால் உங்கள் கடைக் கணக்கின் பேரிலும் ஒரு பொய் பதிவாகும்.

கில்லிப்பையன்

எனக்கும் இதேதான் நடந்தது. கேம் ஐடி ஒன்று வாங்கினேன், நல்ல ஸ்கின் எல்லாம் இருந்தது. பதினைந்து நாள் ஆடினேன். ஒருநாள் காலையில் வெளியே தள்ளிவிட்டது. விற்றவன் ஐடி தொடங்கிய ஓஜி மெயிலை வைத்து இழுத்துக்கொண்டான். குழுவில் கேட்டால் மிடில்மேன் என்னை பிளாக் பண்ணிவிட்டான். கேம் கம்பெனிக்கு எழுதினேன், 'கணக்கை வாங்கியது விதிமீறல்' என்று சொல்லி முடித்துவிட்டார்கள். அந்த ஐடி திரும்பக் கிடைக்க ஏதாவது வழி இருக்கிறதா?

மாறன்_மதுரை

அதனால்தான் அக்கா ஓஜி மெயிலையும் சேர்த்து வாங்கியிருக்கிறார்கள். அது கையில் இருந்தால் யாரும் இழுக்க முடியாது.

பழையகாவல்

கில்லிப்பையன், உங்களுக்கு வழி இல்லை தம்பி. அந்த நிறுவனத்தின் கணக்கில் அது கடைசி வரை விற்றவருடைய ஐடிதான்.

மாறன், மெயில் கையில் இருந்தாலும் போதாது. இந்த இடம் முக்கியம், நிதானமாக எழுதுகிறேன்.

ஒரு கணக்கின் மின்னஞ்சலை மாற்றினால் இன்ஸ்டாகிராம் பழைய மின்னஞ்சலுக்கு ஒரு தகவல் அனுப்பும். 'இதை நீங்கள் செய்யவில்லையென்றால் இங்கே அழுத்தி மாற்றத்தை ரத்து செய்யலாம்' என்று அதில் இணைப்பு இருக்கும். திருட்டுக் கொடுத்தவரைக் காப்பாற்ற வைத்தது அது. அதனால்தான் வாங்குபவர்கள் பழைய ஜிமெயிலையும் கேட்டு வாங்குகிறார்கள். சரி, வாங்கியாயிற்று. அந்த ஜிமெயிலுக்கு ஒரு மீட்பு எண் இருக்கும், அது விற்றவருடைய எண். அதையும் மாற்றினாலும், பழைய மீட்பு எண்ணுக்கோ மின்னஞ்சலுக்கோ சரிபார்ப்புக் குறியீடு அனுப்பும் வாய்ப்பை கூகுள் 7 நாள் வரை வைத்திருக்கலாம். அந்த ஜிமெயில் அவருடைய வீட்டுக் கணினியிலோ பழைய ஆண்ட்ராய்டு போனிலோ இன்னும் திறந்திருக்கலாம். அவர் எப்போதோ இரண்டடுக்குச் சரிபார்ப்பு வைத்து, மீட்புக் குறியீடுகளைப் படம் பிடித்துக் கேலரியில் வைத்திருக்கலாம். கணக்கு அவருடைய பேஸ்புக்கோடு இணைந்திருக்கலாம். கடைசியாக அவருடைய முகம். காணொளி செல்ஃபி கேட்டால், பழைய படங்களில் இருக்கும் முகம் அவருடையது, உங்களுடையது இல்லை.

இவ்வளவும் முதலில் கணக்கு தொடங்கியவரை அடையாளம் காண்பதற்காகக் கட்டியது. கடவுச்சொல்லைக் கொடுத்தால் உள்ளே போகும் வழி மட்டும்தான் கை மாறுகிறது, திரும்பி வரும் வழிகள் எல்லாம் பழையவரிடமே நிற்கின்றன. மிடில்மேன் பணத்தைத்தான் பிடித்து வைக்க முடியும், இவற்றில் எதையும் அவரால் பிடித்து வைக்க முடியாது.

தறிப்பேட்டை

காணொளி செல்ஃபி இரண்டு கணக்குக்கும் கேட்டது. இரண்டுக்கும் நான்தான் தலையைத் திருப்பித் திருப்பி எடுத்து அனுப்பினேன். வாங்கிய கணக்குக்கு உடனே நிராகரிப்பு. கடைக் கணக்குக்கு இன்னும் பதில் இல்லை.

டொமைன்துரை

நான் வேறு பக்கம் நிற்கிறேன். 2006இலிருந்து டொமைன் வாங்கி விற்கிறேன். ஒரு நல்ல பெயரை முதலில் பிடித்தவன் அதை விற்பது உலகம் முழுக்கச் சட்டப்படியான தொழில். டொமைனுக்கு ஒரு நியாயம், கணக்குப் பெயருக்கு ஒரு நியாயமா? அந்தத் தம்பி பத்து வருடம் வைத்திருந்த பெயர் அது. டெலிகிராமே 2022இல் ஃபிராக்மென்ட் என்று சந்தை திறந்து பெயர்களை ஏலம் விடுகிறது. எக்ஸ் தளமும் 2025இல் பெயர்ச் சந்தை திறந்தது, அரிய பெயர்களுக்கு ஆயிரக்கணக்கான டாலரில் விலை. அவர்கள் விற்றால் வியாபாரம், நாம் விற்றால் விதிமீறலா? தளங்கள் தங்கள் காசுக்காகப் போட்ட விதி இது, பாதுகாப்பு என்று பெயர் சூட்டிக்கொள்கிறார்கள்.

பழையகாவல்

துரை சார், நல்ல கேள்வி. நீங்கள் ஒரு டொமைனை விற்கும்போது என்ன கொடுக்கிறீர்கள்? பூட்டைத் திறந்து, மாற்றுக் குறியீட்டைக் கொடுக்கிறீர்கள். வாங்குபவர் தன் பதிவாளரிடம் தன் பெயரில் உள்ள கணக்குக்கு அதை இழுத்துக்கொள்கிறார். பதிவேட்டில் உரிமையாளர் பெயர் மாறுகிறது. உங்கள் மின்னஞ்சல் கடவுச்சொல் அவருக்குப் போவதில்லை, உங்களுக்கு வந்த கடிதங்களும் போவதில்லை.

ஃபிராக்மென்டும் அதே மாதிரிதான். அங்கே பெயர் கணக்கிலிருந்து தனியாகப் பிரிந்து நிற்கும் ஒரு பொருள். வாங்கியவர் அதைத் தன் கணக்கில் மாட்டிக்கொள்கிறார். எக்ஸ் சந்தையிலும் தளமே பெயரை எடுத்து உங்கள் கணக்குக்குத் தருகிறது. இரண்டிலும் பெயர் கை மாறுகிறது, கடவுச்சொல் கை மாறவில்லை.

தறிப்பேட்டை அக்கா வாங்கியது பெயரை இல்லை. இன்னொருவருடைய கணக்குக்குள் நுழையும் உரிமையை வாங்கினார், அதைக் கொடுக்கும் உரிமை அந்தத் தம்பிக்கு இல்லை. வாடகை வீட்டில் இருப்பவர் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் சாவியை விற்ற மாதிரி. எழுத்தில் இருப்பதைச் சொல்கிறேன். கணக்கையோ, பயனர் பெயர் உட்பட அதன் எந்தப் பகுதியையுமோ வாங்கவும் விற்கவும் மாற்றிக் கொடுக்கவும் முயலக் கூடாது என்று இன்ஸ்டாகிராம் விதி சொல்கிறது. முயற்சியே மீறல், கைமாறி முடிந்திருக்க வேண்டியதில்லை. மற்றவர்களின் நுழைவு விவரங்களைக் கேட்பதும் சேகரிப்பதும் பயன்படுத்துவதும் கூடாது என்று அதே பத்தியில் வருகிறது. பேஸ்புக் விதியில் கடவுச்சொல்லைப் பகிரக் கூடாது, அனுமதி இல்லாமல் கணக்கை யாருக்கும் மாற்றிக் கொடுக்கக் கூடாது என்று இருக்கிறது. எக்ஸ் தளமும் பெயரை விற்பது, வாங்குவது, பெயருக்காகப் பணம் கேட்பது மூன்றுக்கும் நிரந்தர இடைநிறுத்தம் வரலாம் என்று எழுதியிருக்கிறது.

டொமைன்துரை

அப்படியானால் கடவுச்சொல் கை மாறாமல் பெயரை மட்டும் மாற்ற மற்ற தளங்களும் ஒரு வழி செய்து கொடுக்கட்டுமே. தொழில்நுட்பம் இருக்கிறது, இரண்டு தளங்கள் செய்து காட்டிவிட்டன. வழியையும் திறக்காமல், கள்ளச் சந்தை வந்துவிட்டது என்று வாங்குபவரைத் தண்டிப்பது எந்த ஊர் நியாயம்?

பழையகாவல்

அந்தக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. விலை என்று ஒன்று வந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதை மட்டும் சொல்ல முடியும்.

2014 ஜனவரியில் நவோகி ஹிரோஷிமா என்பவர் ட்விட்டரில் வைத்திருந்த @N என்ற ஒற்றை எழுத்துப் பெயரைப் பறிகொடுத்தார். அதற்கு 50,000 டாலர் தருவதாக ஒருவர் முன்பு கேட்டதாக அவரே எழுதியிருக்கிறார். பறித்தவன் ட்விட்டர் கடவுச்சொல்லை உடைக்கவே இல்லை. வேறொரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையைப் பேசி ஏமாற்றி அவருடைய டொமைன்களைக் கைப்பற்றினான். பெயரைக் கொடுத்தால் டொமைன்களைத் தருகிறேன் என்று மிரட்டினான். அவரும் கொடுத்தார். அடுத்த மாதம்தான் பெயர் திரும்பி வந்தது.

2020 ஏப்ரலில் அமெரிக்காவில் @Tennessee என்ற பெயரை வைத்திருந்த 60 வயதுக்காரர் ஒருவர் இறந்தார். பெயரைக் கேட்டவர்களுக்கு அவர் தரவில்லை. அவர் வீட்டில் கொலை நடந்திருப்பதாகப் பொய் அழைப்பு போய், ஆயுதங்களோடு போலீஸ் வந்து நின்றது. அந்த இடத்திலேயே மாரடைப்பு. இதில் சம்பந்தப்பட்ட இளைஞர் ஒருவருக்கு 2021இல் 5 வருடச் சிறை. அதே 2020இல் ஜூலை 15 அன்று ட்விட்டரில் பெரிய தலைவர்களின் கணக்குகளிலிருந்து பிட்காயின் மோசடிப் பதிவுகள் வந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். அந்தக் கூட்டம் ஊழியர்களைப் போனில் ஏமாற்றி உள்ளே போனதும் முதலில் செய்த வேலை, குட்டிப் பெயர்களைத் திருடி விற்றதுதான். பெயர் விற்கும் ஒரு மன்றத்தில் பழகியவர்கள் அவர்கள். 2021 பிப்ரவரியில் இன்ஸ்டாகிராம், ட்விட்டர், டிக்டாக் மூன்றும் ஒரே நேரத்தில் அந்த மன்றத்தோடு தொடர்புள்ள கணக்குகளை முடக்கின.

நீங்கள் டெலிகிராம் குழுவில் பார்க்கும் பெயர்களில் எது உரியவர் விற்பது, எது திருடியது என்று உங்களால் சொல்ல முடியுமா? மிடில்மேனுக்கே தெரியாது. தெரிந்துகொள்ள அவருக்குத் தேவையும் இல்லை.

டொமைன்துரை

இதெல்லாம் குற்றம்தான், மறுக்கவில்லை. டொமைன் திருட்டும் நடக்கிறது, அதற்காக டொமைன் விற்பனையைத் தடை செய்யவில்லையே. என் கருத்தில் மாற்றம் இல்லை. ஆனால் இன்றைய விதி நீங்கள் சொல்வதுதான் என்று ஒப்புக்கொள்கிறேன்.

பூங்குழலி_சேலம்

பழையகாவல் அண்ணா, எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. நான் சின்னதாகச் சமூக ஊடக வேலை எடுத்துச் செய்கிறேன். நகைக்கடை, இரண்டு உணவகம், ஒரு பல் மருத்துவமனை. எல்லோரும் கடவுச்சொல்லை வாட்ஸாப்பில்தான் அனுப்புவார்கள். நாங்கள் மூன்று பேர் அதே கடவுச்சொல்லில் உள்ளே போகிறோம். ஓடிபி வந்தால் கடைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்போம். யாரும் எதையும் விற்கவில்லை. இதுவும் விதிமீறலா?

பழையகாவல்

விற்பனை வேறு, இது வேறு. ஆனால் கடவுச்சொல்லை வாங்கி வைத்திருப்பது விதிக்கு வெளியேதான். வேலையை விட்டுப் போன பையனின் போனில் நகைக்கடைக் கணக்கு இன்னும் திறந்திருந்தால் அது உங்கள் தலையில்தான் விழும்.

உங்களுக்கு மாற்று வழி இருக்கிறது. பேஸ்புக் பக்கம் என்றால் கடைக்காரர் தன் சொந்தக் கணக்கிலேயே இருந்துகொண்டு, பக்கத்தின் அணுகல் பகுதியில் உங்கள் பெயரைச் சேர்க்கலாம். முழுக் கட்டுப்பாடா, சில வேலைகள் மட்டுமா என்று பிரித்துக் கொடுக்கலாம். மெட்டாவின் வணிகக் கணக்குக்குள் இன்ஸ்டாகிராமையும் கொண்டுவந்தால் அங்கிருந்தே பதிவு போடலாம், விளம்பரம் பார்க்கலாம். யூடியூபில் சேனல் அனுமதிகள் என்று இருக்கிறது, மேலாளர், தொகுப்பாளர் என்று பங்கு கொடுக்கலாம். ஒவ்வொருவரும் தங்கள் சொந்த ஜிமெயிலில் வருவார்கள். யூடியூபில் பிராண்டு கணக்காக இருந்தால் முதன்மை உரிமையாளரையே மாற்றலாம், புதியவர் குறைந்தது 7 நாள் உரிமையாளராக இருந்திருக்க வேண்டும். அந்த இடைவெளி பழையவர் விழித்துக்கொள்ளத்தான். ஒருவர் வேலையை விட்டுப் போனால் அவர் பெயரை எடுத்துவிட்டால் போதும், கடவுச்சொல்லை மாற்றி எல்லோருக்கும் திரும்பச் சொல்ல வேண்டாம்.

பூங்குழலி_சேலம்

நகைக்கடை அண்ணாச்சியிடம் இதைச் சொன்னால் 'நீயே பார்த்துக்கொள் பாப்பா' என்பார். இன்று மாலை அவர் கடையிலேயே உட்கார்ந்து மாற்றிக் கொடுக்கிறேன். இன்னொரு சந்தேகம். உணவகத்தில் ஒன்றைக் கடையோடு விற்கப் போகிறார்கள். பெயர், சமையல்காரர், பாத்திரம் எல்லாம் சேர்த்து. அதன் இன்ஸ்டாகிராம் கணக்கு என்ன ஆகும்?

பழையகாவல்

எழுத்தில் அதற்கு விலக்கு எதையும் நான் பார்த்ததில்லை. நடைமுறையில் நிறுவனங்கள் கை மாறுகின்றன, அவற்றின் கணக்குகளும் தொடர்கின்றன. வணிகக் கணக்கின் நிர்வாகிகள் முறையாக மாறுவதும், பெயருக்காக மட்டும் ஒரு கணக்கை வாங்குவதும் ஒன்றில்லை என்று நான் நினைக்கிறேன். ஆனால் செய்யலாம் என்று உறுதி கொடுக்க மாட்டேன். விற்பனைப் பத்திரத்தில் கணக்குக்குத் தனியாக விலை போடாமல் இருப்பது நல்லது.

வழக்குமேசை

சட்டப் பக்கம் கொஞ்சம். தளத்தின் விதியை மீறினால் அது குற்றம் ஆகிவிடாது, அது உங்களுக்கும் தளத்துக்கும் உள்ள ஒப்பந்த மீறல். அதனால் தறிப்பேட்டை அம்மா போலீசுக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அடுத்தவர் கடவுச்சொல்லை நேர்மையற்ற நோக்கத்தில் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி வரும், 3 வருடம் வரை சிறை, ₹1 லட்சம் வரை அபராதம். கில்லிப்பையனுக்கு நடந்த மாதிரி விற்றவரே பிறகு இழுத்துக்கொண்டால் அது ஏமாற்றுதல், உடனே 1930க்கு அழைக்கலாம், cybercrime.gov.in இல் பதியலாம். பணம் போன சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.

இந்த வழக்கில் விற்றவர் ஏமாற்றவில்லை, சொன்னதைக் கொடுத்திருக்கிறார். ₹22,000ஐத் திரும்பக் கேட்க முடியுமா என்பது விவாதத்துக்கு உரியது. விற்கவே உரிமை இல்லாததை விற்றார் என்று வாதிடலாம். உனக்கும் தெரிந்துதானே வாங்கினாய் என்று அவர் பதில் சொல்வார். என் சீனியரிடம் கேட்டேன், இந்தத் தொகைக்கு வழக்கு வேண்டாம், பேசி வாங்கப் பாருங்கள் என்றார்.

தறிப்பேட்டை

எல்லோருக்கும் நன்றி. நாத்தனாரும் நானும் சேர்ந்துதான் படித்தோம். அந்தப் பெண்ணின் செய்தியைப் பற்றிப் பழையகாவல் எழுதியது மனதில் தைத்துவிட்டது. அந்தத் தம்பியிடம் பேசினேன், பாதிப் பணம் தருவதாகச் சொல்கிறார். மிடில்மேன் கமிஷன் போனது போனதுதான்.

இப்போது கடைக் கணக்குக்கு என்ன எழுதுவது என்று சொல்லுங்கள். இன்னொன்று, நேற்றிலிருந்து மூன்று பேர் தனிச்செய்தியில் வந்து 'எங்களுக்கு உள்ளே ஆள் இருக்கிறது, ₹15,000 கொடுத்தால் 24 மணி நேரத்தில் திறந்து தருகிறோம்' என்கிறார்கள்.

பழையகாவல்

அந்த மூவரையும் தடுத்துவிடுங்கள். இந்த இழையைப் படித்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள். முதலில் ₹15,000, அப்புறம் ஓடிபி கேட்பார்கள்.

வாங்கிய கணக்கை விட்டுவிடுங்கள், அதற்காக இனி ஒரு வரி கூட எழுத வேண்டாம். கடைக் கணக்குக்கு மட்டும் எழுதுங்கள். இந்தக் கணக்கை நான் தொடங்கினேன், இத்தனை வருடமாக நானே நடத்துகிறேன், வேறொருவரிடம் பெயருக்காக ஒரு கணக்கை வாங்கி இதனோடு இணைத்தேன், அது விதிக்கு எதிரானது என்று இப்போது தெரியும், அதன் உரிமையைக் கோரவில்லை, அவ்வளவுதான். நாலைந்து வரி போதும். கடைப் பெயரும் உங்கள் பெயரும் சேர்ந்து வரும் ஜிஎஸ்டி அல்லது உத்யம் சான்று, ஒரு பழைய பில் கேட்டால் கொடுக்கத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே முறையீட்டைத் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டாம்.

இன்ஸ்டாகிராம் மாதிரித் தளங்களில் இடைநிறுத்தத்துக்கு எதிராக முறையிட 180 நாள் கெடு காட்டும், அது தாண்டினால் நிரந்தரமாகப் போய்விடும். உங்கள் திரையில் எந்தத் தேதி இருக்கிறது என்று எழுதி வையுங்கள். அதே திரையில் தரவைப் பதிவிறக்கும் வழி இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள், சேலைப் படங்களாவது மிஞ்சும். இடையில் அதே போனில் புதுக் கணக்கு தொடங்காதீர்கள். தடையைச் சுற்றிப் போனதாக எடுத்துக்கொண்டால் முறையீடே செத்துவிடும்.

வழக்குமேசை

தளம் நிராகரித்தால் அதோடு முடியவில்லை. இந்தியாவில் பெரிய தளங்களுக்குக் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும், அவருடைய மின்னஞ்சல் தளத்திலேயே இருக்கும். அவர் 24 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாக ஒப்புகை தர வேண்டும். அவர் முடிவும் சரியில்லை என்றால் 30 நாளுக்குள் gac.gov.in இல் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். 2023 மார்ச்சிலிருந்து செயல்படுகிறது, கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. ஒப்புகை எண்ணைத் தொலைத்துவிடாதீர்கள்.

மாறன்_மதுரை

கடைப் பெயர் அக்காவுடையதுதானே, டிரேட்மார்க் போட்டு அந்தப் பெயரை நேராகவே வாங்க முடியாதா?

வழக்குமேசை

அந்தத் தம்பியிடம் எடுத்திருக்க முடியாது. சேலை விற்காமல் தன் படங்களைப் போட்டுக்கொண்டிருந்தவர் மேல் வணிகச் சின்னப் புகார் நிற்பது கடினம். அந்தப் பெயரில் வேறு ஒருவர் துணி விற்று வாடிக்கையாளரைக் குழப்பினால் நிற்கும். உத்யம் சான்று வணிகச் சின்னம் ஆகாது, இதில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். ஆடைக்கு 25ஆம் வகுப்பில் தனிநபரோ சிறு நிறுவனமோ இணையத்தில் விண்ணப்பித்தால் ₹4,500. எப்படியும் போட்டு வைப்பது நல்லது.

தறிப்பேட்டை

முறையீட்டை நாலு வரியில் எழுதி அனுப்பிவிட்டேன். தரவுப் பதிவிறக்கமும் கேட்டிருக்கிறேன், மின்னஞ்சலில் இணைப்பு வரும் என்கிறது. அந்த ஜிமெயிலை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, கடவுச்சொல்லை உடனே மாற்றச் சொன்னேன். திரையில் காட்டும் கடைசித் தேதியை நாத்தனார் காலண்டரில் குறித்துவிட்டாள். பழைய வாடிக்கையாளர் எண்கள் பில் புத்தகத்தில் இருக்கின்றன, அவர்களுக்கு வாட்ஸாப்பில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பதில் வந்தால் இங்கே எழுதுகிறேன்.

பூங்குழலி_சேலம்

நகைக்கடை முடிந்தது. பல் மருத்துவமனையில் மாட்டிக்கொண்டேன் அண்ணா. கணக்கைத் தொடங்கியவர் எனக்கு முன்னால் வேலை பார்த்தவர், அவருடைய சொந்த மின்னஞ்சலில். மருத்துவரிடம் கடவுச்சொல் மட்டும் இருக்கிறது, மின்னஞ்சல் இல்லை. தொடங்கியவரும் இப்போது போனை எடுப்பதில்லை. இதை எங்கே தொடங்குவது?